நாலு ஃபண்டு வைத்திருக்கிறோம், உள்ளே இருப்பது எத்தனை கம்பெனி? ஓவர்லாப் கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம்

இரண்டு மியூச்சுவல் ஃபண்டுகளின் பெயரைக் கொடுத்தால், அவற்றுக்குள் ஓவர்லாப், அதாவது இரண்டிலும் பொதுவாக இருக்கும் பங்குகளின் அளவு, எத்தனை சதவீதம் என்று சொல்லிவிடும் இணையதளங்கள் நிறைய இருக்கின்றன. ஆனால் பெரும்பாலும் ஜோடி ஜோடியாகத்தான் சொல்லும். நாம் எந்த ஃபண்டில் எவ்வளவு போட்டிருக்கிறோம் என்பது அதற்குத் தெரியாது. நமக்குத் தெரிய வேண்டியதோ வேறு: என் பணத்தில் கடைசியில் எத்தனை ரூபாய் ஒரே கம்பெனியில் போய் உட்கார்ந்திருக்கிறது? அதற்கு ஒரு எக்செல் தாள் போதும். கூகுள் ஷீட்ஸ் இருந்தாலும் சரி.

கரூரில் பெட்ஷீட், திரைச்சீலை ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் கணக்குப் பார்க்கும் என் பெரியம்மா மகனுக்கு இதைப் போட்டுக் கொடுத்தேன். அவரிடம் ஒரு நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டு, ஒரு லார்ஜ் கேப், ஒரு ஃப்ளெக்ஸி கேப், வரிச்சலுகைக்காக ஒரு இ.எல்.எஸ்.எஸ். என்று நாலு இருந்தன. நாலும் நாலு நிறுவனத்துடையவை. "நாலு எடத்துல போட்டு வெச்சிருக்கறேன் கண்ணு, ஒண்ணு படுத்தா இன்னொண்ணு தாங்கும்" என்பது அவர் கணக்கு. இந்தக் கட்டுரைக்காகத் தொகைகளை முழு எண்ணாக்கி, சதவீதங்களையும் பழகுவதற்கு எளிதாக மாற்றிவிட்டேன். எனவே எந்தக் கம்பெனிக்கு எதிரே இருக்கும் எண்ணையும் இன்றைய நிலவரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில்: எதில் எவ்வளவு இருக்கிறது

ஃபண்டு முதலீட்டாளர்களின் கணக்குகளைப் பராமரிக்கும் கேம்ஸ் அல்லது கேஃபின்டெக் இணையதளத்தில் பான் எண்ணும் பதிவு செய்த மின்னஞ்சலும் கொடுத்து CAS என்ற ஒருங்கிணைந்த அறிக்கையைக் கேளுங்கள். எல்லா நிறுவனத்து ஃபண்டுகளும் இன்றைய மதிப்போடு ஒரே பி.டி.எஃப்.பில் வந்துவிடும். போட்ட பணத்தை எடுக்காதீர்கள், இன்றைய மதிப்பைத்தான் எடுக்க வேண்டும். அண்ணனுக்கு இண்டெக்ஸில் 2 லட்சம், லார்ஜ் கேப்பில் 3 லட்சம், ஃப்ளெக்ஸியில் 4 லட்சம், இ.எல்.எஸ்.எஸ்.ஸில் 1 லட்சம். மொத்தம் 10 லட்சம்.

இங்கேயே ஒன்றைக் கவனியுங்கள். ஒரே ஃபண்டு பேங்க் மூலமாக வாங்கிய ரெகுலர் பிளானாக ஒரு வரியிலும், ஆப்பில் வாங்கிய டைரக்ட் பிளானாக இன்னொரு வரியிலும் இருக்கலாம். இரண்டுக்கும் உள்ளே இருக்கும் பங்குகள் ஒன்றேதான், செலவு விகிதம்தான் வேறு. அப்படி இருந்தால் இரண்டையும் கூட்டி ஒரே ஃபண்டாக எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து: உள்ளே இருக்கும் பங்குகளின் பட்டியல்

ஒவ்வொரு ஃபண்டு நிறுவனமும் மாதம் முடிந்து 10 நாட்களுக்குள் அந்த மாதக் கடைசி நிலவரத்தை வெளியிட வேண்டும் என்பது செபி விதி. அவர்கள் தளத்தில் Monthly Portfolio என்று தேடினால் எக்செல் கோப்பாகவே கிடைக்கும். நாலுக்கும் ஒரே மாதத்தை எடுங்கள். ஒன்றுக்கு மார்ச், இன்னொன்றுக்கு ஜனவரி என்று கலந்தால் விற்றுவிட்ட பங்கும் கணக்கில் வந்துவிடும்.

அந்தக் கோப்பில் நமக்கு வேண்டியவை மூன்றே நெடுவரிசைகள்: ஒவ்வொரு பங்குக்கும் உரிய அடையாள எண்ணான ISIN, கம்பெனி பெயர், ஃபண்டின் பணத்தில் அந்தப் பங்கு எத்தனை சதவீதம் என்று சொல்லும் % to NAV. புதிய கோப்பில் ஃபண்டுக்கு ஒரு தாள் திறந்து, Nifty, Large, Flexi, Elss என்று பெயர் வைத்து, A, B, C நெடுவரிசைகளில் இந்த மூன்றையும் ஒட்டிக்கொள்ளுங்கள். இடையில் வரும் Sub Total, Total வரிகளை நீக்கிவிடுங்கள். TREPS, Net Receivables போன்ற ரொக்கப் பகுதிகளுக்கு பெரும்பாலும் ISIN இருக்காது. அந்த வரிகளில் A நெடுவரிசையில் CASH என்று நீங்களே எழுதிவிடுங்கள்.

கணக்கு தப்புவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். சில நிறுவனங்கள் ஒன்பதே முக்கால் சதவீதத்தை 9.75 என்று வைத்திருக்கும். சில கோப்புகளில் திரையில் 9.75% என்று தெரிந்தாலும் உள்ளே இருப்பது 0.0975. இரண்டையும் கலந்தால் ஒரு ஃபண்டு முழுவதுமே கணக்கிலிருந்து காணாமல் போன மாதிரி ஆகிவிடும். அதனால் ஒவ்வொரு தாளிலும் C நெடுவரிசையைக் கூட்டிப் பாருங்கள். 100க்குப் பக்கத்தில் வந்தால் சரி. 1 என்று வந்தால் எல்லாவற்றையும் 100 ஆல் பெருக்குங்கள். 200 வந்தால் ஏதோ ஒரு Total வரியை நீக்காமல் விட்டிருக்கிறீர்கள்.

பெயரை நம்பாமல் ISIN எண்ணைப் பிடிப்பது

ஒரு கோப்பில் HDFC Bank Ltd. என்று இருக்கும், இன்னொன்றில் HDFC Bank Limited என்று இருக்கும், சிலதில் பெயரோடு ஒரு நட்சத்திரக் குறியும் ஒட்டியிருக்கும். எக்செலுக்கு இவை மூன்றும் மூன்று கம்பெனி. ISIN அப்படி மாறாது. எச்.டி.எஃப்.சி. பேங்க் பங்குக்கு எந்த ஃபண்டிலும் INE040A01034தான்.

அந்த 12 எழுத்துகளில் முதல் ஏழு, அதாவது INE040A, கம்பெனியைக் குறிக்கிறது. அடுத்து வரும் 01 அது பங்கு என்பதைச் சொல்கிறது. அதே பேங்கின் கடன் பத்திரத்தை ஒரு ஹைபிரிட் ஃபண்டு வைத்திருந்தால் முதல் ஏழு எழுத்து அப்படியே இருக்கும், பின்பாதிதான் மாறும். நாம் பார்க்க வேண்டியது கம்பெனியை என்பதால் முதல் ஏழை மட்டும் வெட்டி எடுத்தால் போதும். ஒவ்வொரு தாளிலும் D2 கட்டத்தில் இதைப் போட்டுக் கீழே வரை இழுத்துவிடுங்கள்:

```
=LEFT(A2,7)
```

அப்புறம் Total என்று ஒரு புதிய தாள். நாலு தாள்களின் D நெடுவரிசைகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக A நெடுவரிசையில் மதிப்பாக மட்டும் ஒட்டி, Data மெனுவில் Remove Duplicates கொடுங்கள். B நெடுவரிசை கம்பெனி பெயருக்கு. C2 முதல் F2 வரை ஒவ்வொரு ஃபண்டின் சதவீதத்தையும் இப்படி இழுக்கலாம்:

```
=SUMIF(Nifty!$D:$D,$A2,Nifty!$C:$C)
```

அடுத்த கட்டங்களில் Nifty என்ற இடத்தில் Large, Flexi, Elss என்று மாற்றிக்கொள்ளுங்கள். அந்த ஃபண்டில் இல்லாத கம்பெனிக்கு 0 வரும்.

ஜோடி ஓவர்லாப்

இரண்டு ஃபண்டிலும் இருக்கும் ஒவ்வொரு கம்பெனிக்கும் சிறிய சதவீதம் எதுவோ அதை எடுத்து, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். அவ்வளவுதான் ஓவர்லாப். எச்.டி.எஃப்.சி. பேங்க் இண்டெக்ஸில் 13, லார்ஜ் கேப்பில் 10 என்றால் பொதுவானது 10. ஐ.சி.ஐ.சி.ஐ. 9, 8 என்றால் 8. ரிலையன்ஸ் 8, 6 என்றால் 6. இன்ஃபோசிஸ் இரண்டிலும் 5. ஆக்சிஸ் 3, 4 என்றால் 3. ஐந்தே கம்பெனியில் 32 சதவீதம் ஒன்றாகிவிட்டது. Total தாளில் =MIN(C2,D2) என்று ஒரு நெடுவரிசை போட்டு, CASH வரியை மட்டும் விட்டுவிட்டுக் கூட்டினால் முழு விடை கிடைக்கும்.

"பொதுவான பங்குகள் 38" என்பது போன்ற எண்ணிக்கையைப் பார்த்து முடிவுக்கு வர வேண்டாம். 38 கம்பெனியிலும் ஒரு ஃபண்டு அரை அரை சதவீதம்தான் வைத்திருந்தால் ஓவர்லாப் 19ஐத் தாண்டாது.

லார்ஜ் கேப் ஃபண்டுக்கும் நிஃப்டி இண்டெக்ஸுக்கும் ஓவர்லாப் அதிகம் வருவதில் ஆச்சரியமில்லை. சந்தை மதிப்பில் முதல் 100 கம்பெனிக்குள் குறைந்தது 80 சதவீதம் போட்டாக வேண்டும் என்பது லார்ஜ் கேப்புக்கான செபி விதி. மேனேஜர் எங்கே போவார்? கேட்க வேண்டிய கேள்வி, அந்த ஒற்றுமைக்கு நாம் கொடுக்கும் விலை. இரண்டின் செலவு விகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாதிக்கு மேல் இண்டெக்ஸாகவே இருக்கும் ஃபண்டுக்குப் பல மடங்கு கட்டணம் கொடுக்கிறோமா என்பது அப்போது தெரிந்துவிடும்.

உண்மையான செறிவு: ரூபாயில்

என்னைக் கேட்டால் முக்கியமான கட்டம் இதுதான். Total தாளில் G2 கட்டத்தில்:

```
=(C2*200000+D2*300000+E2*400000+F2*100000)/100
```

எச்.டி.எஃப்.சி. பேங்க் நாலு ஃபண்டிலும் வரிசையாக 13, 10, 8, 9 சதவீதம் என்றால் 26,000 + 30,000 + 32,000 + 9,000. ஆக 97,000 ரூபாய். இதே முறையில் ஐ.சி.ஐ.சி.ஐ. 77,000, ரிலையன்ஸ் 51,000, இன்ஃபோசிஸ் 46,000, ஆக்சிஸ் 42,000 என்று வந்தது. 10 லட்சத்தில் 3,13,000 ஐந்து கம்பெனியில். G நெடுவரிசை முழுவதையும் கூட்டினால் 10 லட்சத்துக்கு மிக அருகில் வர வேண்டும், இல்லையென்றால் எங்கோ ஒரு வரி விடுபட்டிருக்கிறது.

இத்தோடு நிறுத்தியிருந்தால் பெரிய விஷயத்தைத் தவறவிட்டிருப்போம். அண்ணனின் அப்பா விட்டுப்போன கரூர் வைஸ்யா பேங்க் பங்குகள் 2 லட்சம் ரூபாய்க்கு டீமேட்டில் இருந்தன. 1916இல் கரூரிலேயே தொடங்கிய பேங்க் என்பதால் எங்கள் பக்கம் பல வீடுகளில் இப்படித் தாத்தா காலத்துப் பங்கு இருக்கும், அதை யாரும் முதலீட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவருடைய நாலு ஃபண்டிலும் அந்தப் பங்கு இல்லாததால் ஓவர்லாப் பூஜ்யம். ஆனால் H நெடுவரிசையில் ஒவ்வொரு கம்பெனிக்கும் தொழில் பெயரை எழுதி, இந்த 2 லட்சத்தையும் ஒரு வரியாகச் சேர்த்துப் பார்த்தோம். எச்.டி.எஃப்.சி., ஐ.சி.ஐ.சி.ஐ., ஆக்சிஸ் மூன்றும் சேர்ந்து 2,16,000, அதோடு இந்த 2 லட்சம். 12 லட்சத்தில் 4,16,000, அதாவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல், நாலே பேங்கில். மற்ற பேங்குகளையும் நிதி நிறுவனங்களையும் இன்னும் சேர்க்கவே இல்லை. வாராக்கடன் ஏறினாலோ ரிசர்வ் வங்கி விதியை இறுக்கினாலோ இவை நாலும் சேர்ந்துதான் இறங்கும். எந்த ஜோடி ஓவர்லாப் எண்ணும் இதைக் காட்டியிருக்காது.

தொழில் பெயரை எழுத ஃபண்டு கோப்பில் இருக்கும் Industry நெடுவரிசையையே எடுத்துக்கொள்ளலாம். பேலன்ஸ்டு அட்வான்டேஜ் ஃபண்டு வைத்திருப்பவர்கள் மட்டும் ஒன்று பாருங்கள்: கோப்பின் கீழ்ப்பகுதியில் Futures என்று மைனஸ் குறியோடு வரும் வரிகளையும் அந்தந்தக் கம்பெனியின் சதவீதத்திலிருந்து கழிக்க வேண்டும். கழிக்காவிட்டால் உண்மையில் இருப்பதைவிட அதிகமாகத் தெரியும்.

விற்கும் முன்

தாளைப் பார்த்ததும் அண்ணன், "லார்ஜ் கேப்பை நாளைக்கே எடுத்துடறேன்" என்றார். "வேண்டாமுங்கண்ணா, மொதல்ல எஸ்.ஐ.பி.யை மட்டும் நிறுத்துங்க" என்றேன். பங்கு சார்ந்த ஃபண்டை ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால், ஒரு நிதியாண்டில் 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5 சதவீதம் வரி. ஒரு வருடத்துக்குள் விற்றால் லாபத்துக்கு 20 சதவீதம், பல ஃபண்டுகளில் வெளியேறும் கட்டணமும் உண்டு. இ.எல்.எஸ்.எஸ்.ஸில் ஒவ்வொரு எஸ்.ஐ.பி. தவணைக்கும் தனித்தனியாக 3 வருடம் பூட்டு, அதில் அவசரப்பட்டும் பயனில்லை.

அவர் லார்ஜ் கேப் எஸ்.ஐ.பி.யை நிறுத்திவிட்டு, அந்தப் பணத்தை ஒரு மிட்கேப் 150 இண்டெக்ஸுக்குத் திருப்பினார். அது சந்தை மதிப்பில் 101 முதல் 250 வரை உள்ள கம்பெனிகளை ஒட்டியது என்பதால் நிஃப்டி 50 உடன் அதன் ஓவர்லாப் ஏறக்குறைய பூஜ்யம். ஆனால் அதற்குள்ளும் பேங்குகள் உண்டு. அதனால் Total தாளில் அதற்கும் ஒரு நெடுவரிசை சேர்த்து, H நெடுவரிசையில் உள்ள தொழில்வாரியாக ரூபாயைத் திரும்பக் கூட்டிப் பார்த்த பிறகுதான் எஸ்.ஐ.பி.க்குக் கையெழுத்துப் போட்டார்.