கிளப் வினாடி வினாவில் சமநிலை வந்தால்

டைபிரேக்கருக்கு எண்ணில் விடை வரும் கேள்வி ஒன்றை முன்கூட்டியே எழுதி வையுங்கள். மொத்தம் எத்தனை குறள் என்று கேட்டால் இரு அணியும் 1330 என்று எழுதிவிடும், மறுபடி சமநிலைதான். எல்லோரும் ஊகிக்கலாம், யாருக்கும் மனப்பாடமாக இருக்காது. அப்படிப்பட்ட எண் வேண்டும். “தொட்டபெட்டா கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம்?” நல்ல கேள்வி. விடை 2637.

கேட்கும் முன்பே, “கூடினாலும் குறைந்தாலும் சரி, கிட்ட வருபவருக்கே வெற்றி, வித்தியாசமும் ஒன்றானால் முதலில் சீட்டு கொடுத்தவருக்கு” என்று அறிவித்துவிடுங்கள். பிறகு சொன்னால் சண்டை வரும். வாயால் சொல்ல விடாதீர்கள், சீட்டில் எழுதி வாங்குங்கள்.

விடைக்கு முன் ஊகங்களை வாசியுங்கள்: “இந்த மேசை 2500, அந்த மேசை 2800...” கொஞ்சம் நிறுத்துங்கள், அரங்கமே கணக்குப் போடும். வித்தியாசம் 137, 163. முதல் மேசைக்குக் கோப்பை.