விரல் சூப்பும் குழந்தை: பகலில் அதட்டுகிறோம், இரவில் கோட்டை விடுகிறோம்

குழந்தைகளின் பற்களைப் பார்ப்பதுதான் என் வேலை. போன வாரம் ஒரு அப்பா மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பையனுக்கு மூன்றரை வயது. நான் வாயைப் பார்ப்பதற்குள் அவரே சொல்லிவிட்டார்: "பகல்ல சுத்தமா நிறுத்திட்டோம் டாக்டர், தூங்கும்போது மட்டும்தான் பாசிஃபையர்." அவர் குரலில் இருந்த அந்த நிம்மதி எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் படித்து முடித்து வேலையும் பார்த்துக்கொண்டிருந்த நானே என் மகள் விஷயத்தில் அதே நிம்மதியோடுதான் இரண்டு வருடம் இருந்தேன்.

பாசிஃபையரைக் கொதிக்க வைப்பது, கீழே விழுந்ததைத் துடைத்து மறுபடி வாயில் வைக்கக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விடுவோம்.

தூங்கும்போது மட்டும்தானே?

இன்னமும் எனக்கு எரிச்சல் வரவழைக்கும் தவறு இது. பல்லை நகர்த்துவது அழுத்தத்தின் பலம் என்றுதான் பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் நேரம்தான் அதிகம் நகர்த்துகிறது. லேசான அழுத்தமாக இருந்தாலும் ஒரு நாளைக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் விடாமல் இருந்தால் பல் இடம் மாறத் தொடங்கும். பல்லுக்குக் கம்பி போடும்போது நாங்கள் செய்வதும் இதேதான். டிவி பார்த்துக்கொண்டே கால் மணி நேரம் சத்தமாகச் சப்பும் குழந்தையை நாம் பத்து முறை அதட்டுகிறோம். அதே விரல் ராத்திரி ஏழு மணி நேரம் சத்தமில்லாமல் வாயில் கிடப்பதை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

விரல் வாயில் இருந்தால் மேல் முன்பற்களை வெளியே தள்ளும், கீழ்ப்பற்களை உள்ளே சாய்க்கும். கடைவாய்ப் பற்களைக் கடித்தாலும் முன்னால் மேலும் கீழும் தொடாமல் ஒரு ஜன்னல் மாதிரி இடைவெளி விழும். இது கண்ணுக்குத் தெரியும், அதனால் பெற்றோர் பயந்துபோய் வருவார்கள். ஆனால் நான் பயப்படுவது வேறொன்றுக்கு. மேல் அண்ணத்தில் ஒட்டி இருக்க வேண்டிய நாக்கை விரலோ பாசிஃபையரோ கீழே தள்ளிவிடுகிறது. உள்ளிருந்து தாங்க நாக்கு இல்லை, வெளியிலிருந்து கன்னம் அமுக்குகிறது, மேல் தாடை குறுகிவிடுகிறது. டப்பாவின் மூடி போல மேல்வரிசை கீழ்வரிசையைச் சுற்றி மூட வேண்டும். மூடி சின்னதாகிப் போனால் ஒரு பக்கமாவது மேல் பல் கீழ்ப்பல்லுக்கு உள்ளே விழும். அப்புறம் வசதியாகக் கடிக்க வேண்டும் என்று குழந்தையே தாடையை ஒரு பக்கம் ஒதுக்கிப் பழகிவிடும்.

பழக்கம் சீக்கிரம் நின்றால் முன்னால் விழுந்த இடைவெளி பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். குறுகிய தாடை அப்படித் தானாகச் சரியாவது குறைவு.

வீட்டிலேயே பார்க்கலாம். கடைவாயை இறுக்கிக் கடிக்கச் சொல்லி, உதட்டை விலக்கிப் பாருங்கள். முன்னால் இடைவெளி இருக்கிறதா, மேல் முன்பற்களின் நடுக்கோடும் கீழ்ப்பற்களின் நடுக்கோடும் நேராக இருக்கின்றனவா, இரண்டு பக்கமும் மேல் பல் வெளியே இருக்கிறதா? விரலையும் பாருங்கள். ஒரு கட்டைவிரல் மட்டும் மற்றதைவிட வெளுத்து, சுருங்கி, கணு மேல் காய்ப்பு ஏறி இருந்தால் இரவு என்ன நடக்கிறது என்று அதுவே சொல்லிவிடும்.

ஒரு குழந்தையின் கணக்கைச் சொல்கிறேன். மூன்று வயது பத்து மாதம், பெண் குழந்தை, கட்டைவிரல். முன்னால் நான்கு மில்லிமீட்டர் இடைவெளி, இடது பக்கம் மேல் பற்கள் உள்ளே. "பகலில் இருபது நிமிஷம்கூட இருக்காது" என்றார் அம்மா. ஒரு வாரம் இரவில் நான்கைந்து முறை எட்டிப் பார்த்துக் குறிக்கச் சொன்னேன். ஒன்பது மணிக்குத் தூங்குகிறாள். பத்தரை, ஒன்று, நான்கு, ஆறு என்று எப்போது பார்த்தாலும் அநேகமாக விரல் வாயில்தான். அந்தத் தாளைப் பார்த்துவிட்டு அம்மா கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

பகல் அதட்டலை அடியோடு நிறுத்தச் சொன்னேன். இரவு அவள் விரலோடு தூங்கட்டும். ஆழ்ந்து தூங்கியதும் முகவாயை லேசாகக் கீழே இழுத்தால் விரல் தானாக வெளியே வரும். முதல் வாரம் ஒவ்வொரு இரவும் மூன்று நான்கு முறை திரும்பப் போனது, மூன்றாவது வாரத்தில் ஒரு முறை. அதற்குப் பிறகுதான், அவளிடமே கேட்டு, இரவுச் சட்டையின் கையில் மெல்லிய பருத்தி உறையைத் தைத்தார்கள். உறையில் என்ன படம் என்பதை அவளே தேர்ந்தெடுத்தாள். நான்கு மாதத்தில் இடைவெளி ஒன்றரை மில்லிமீட்டருக்கு வந்தது. இடது பக்கம் மட்டும் அசையவில்லை, பிறகு தாடையை விரிக்கும் கருவி வைக்க வேண்டியிருந்தது. ஒரு வருடம் முன்னால் வந்திருந்தால் என்று நான் அவர்களிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப் போகிறது?

பாசிஃபையரில் இன்னொரு கூத்து உண்டு. தூக்கம் ஆழமானதும் நிறைய குழந்தைகள் அதைத் தாங்களே துப்பிவிடும். பெற்றோர் எழுந்து திரும்ப வாயில் வைப்பார்கள். முழித்துக்கொள்ளுமோ என்ற பயத்தில் நானும் அதைத்தான் செய்தேன், ஒரே இரவில் மூன்று முறை. விழுந்தால் விழட்டும், எடுத்து ஓரமாக வையுங்கள்.

திடீரென்று ஒரே நாளில் பிடுங்குவது

பாசிஃபையரைக் குப்பையில் போடலாம், விரலைப் போட முடியாது. வெடுக்கென்று பிடுங்கினால் சில குழந்தைகள் விரலுக்குத் தாவிவிடும், அது இன்னும் கஷ்டம். தம்பி தங்கை பிறந்த மாதம், பள்ளியில் சேர்த்த வாரம், காய்ச்சல் நேரம், இதிலெல்லாம் ஆரம்பிக்கவே வேண்டாம்.

என் கணக்கு இது: முதல் வருடம் கண்டுகொள்ளாதீர்கள். தூங்கும்போது கொடுக்கும் பாசிஃபையர் திடீர்ச் சிசு மரண அபாயத்தைக் குறைக்கிறது என்பதால் அந்த வயதில் அதற்கு ஒரு நியாயமும் இருக்கிறது. ஒன்றரை, இரண்டு வயதில் படுக்கைக்கு மட்டும் என்று சுருக்குங்கள், மூன்றுக்குள் முடித்துவிடுங்கள். விரல் என்றால் நான்கு வரை பொறுக்கலாம். ஆறு ஏழு வயதில் முளைக்கும் நிரந்தர முன்பற்கள் வரும்போது பழக்கம் இருக்கக் கூடாது.

பேச்சுக்கும் இதற்கும் என்ன?

வாயை அடைத்துக்கொண்டு பேசிப் பழக முடியாது, முதல் சேதம் அதுதான். விழித்திருக்கும் நேரமெல்லாம் பாசிஃபையர் இருந்தால் மழலை குறையும். முன்னால் இடைவெளி விழுந்த குழந்தைக்கு நாக்கு நுனி அதன் வழியே எட்டிப் பார்க்கும், 'ஸ' என்பது 'த' மாதிரி வரும். ஆனால் தாமதமாகப் பேசும் குழந்தைக்கெல்லாம் விரலைக் காரணம் காட்டாதீர்கள். இரண்டு வயதில் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசவில்லை என்றால் காது கேட்கிறதா என்று முதலில் பாருங்கள், பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள்.

கசப்பு மருந்து தடவுவது

குழந்தைக்குச் சொல்லாமல் தடவினால் அது தண்டனை. தடவிய கையாலேயே கண்ணைக் கசக்கும்.

பாசிஃபையரைத் தேனில் தொட்டுக் கொடுப்பது

ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது, பாட்டுலிசம் என்ற நச்சு நோய் வரலாம். அதற்குப் பிறகு என்றால் சொத்தைப் பல்.

பாசிஃபையரைக் கழுத்தில் கயிறு கட்டி மாட்டுவது

இறுகிவிடும். வேண்டாம்.

விரலைத் தடுக்க வாய்க்குள் கம்பி வைத்தால் போதும் என்று வருவது

குழந்தைக்கே விட வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும், பொதுவாக ஆறு வயதுக்கு மேல். அதற்கு முன் வைத்தால் கம்பியைப் பிய்த்துக்கொண்டு வரும், பிய்த்ததை நானே பார்த்திருக்கிறேன்.