பழைய ஆட்களை வைத்து ஸ்க்ரீனிங் ரூப்ரிக்கைச் சோதிக்கும்போது எங்கே தவறுகிறது?

கஸ்டமர் சப்போர்ட் வேலைக்கு ஆள் எடுக்கும் ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். வரும் விண்ணப்பங்களை வடிகட்ட ஒரு ரூப்ரிக் இருக்கிறது: முன் அனுபவம், எழுத்துத் தெளிவு, மொழித்திறன், பிரச்சினையைப் பிரித்துப் பார்க்கும் திறன், மாதிரிக் கேள்விக்கு எழுதிய பதில். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை, மொத்தம் 25. அதில் 18 அல்லது அதற்கு மேல் வாங்கியவர்களுக்கு மட்டும் இன்டர்வியூ. விண்ணப்பித்தவர்கள் 400 பேர், 18-ஐத் தொட்டவர்கள் 64 பேர், வேலையில் சேர்ந்தவர்கள் 40 பேர்.

ஒரு வருடம் கழித்து ரூப்ரிக் மதிப்பெண்ணை ஒரு பத்தியிலும் அப்ரைசல் மதிப்பெண்ணை இன்னொரு பத்தியிலும் போட்டு எக்செல்லில் `=CORREL(B2:B41,C2:C41)` என்று அடிக்கிறார்கள். இரண்டும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று காட்டும் ஒட்டுறவுக் கெழு 0.15 என்று வருகிறது; 0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு. “இதற்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டே ஆள் எடுத்திருக்கலாமே” என்று மேனேஜர் சொல்கிறார். அவசரப்பட்டு ரூப்ரிக்கைத் தூக்கிப் போடுவதும், 0.15-க்குச் சப்பைக்கட்டு கட்டுவதும் இங்கே ஒரே அளவுக்குத் தவறு. அந்த எண் எதைச் சொல்கிறது என்பதே இன்னும் தெரியவில்லை.

தேறியவர்களுக்குள் மட்டும் தொடர்பைத் தேடுவது

பெரும்பாலானோர் வழுக்கி விழும் இடம் இது. பிளஸ் டூவில் 95 சதவீதத்துக்கு மேல் எடுத்தவர்களை மட்டும் ஒரு கல்லூரி சேர்த்துக்கொண்டது என்று வையுங்கள். அந்த வகுப்புக்குள் பிளஸ் டூ மார்க்குக்கும் செமஸ்டர் மார்க்குக்கும் தொடர்பு தேடினால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. 96-க்கும் 98-க்கும் உள்ள வித்தியாசம் அற்பம். 60 எடுத்தவரும் அங்கே உட்கார்ந்திருந்தால்தான் மார்க் எவ்வளவு பேசுகிறது என்று தெரியும்.

ரூப்ரிக்கிலும் அதே கதைதான். மதிப்பெண்கள் எவ்வளவு பரவிக் கிடக்கின்றன என்று காட்டும் திட்ட விலக்கம் 400 பேருக்கும் 4.0 என்றால், 18-க்கு மேல் தேறியவர்களிடம் அது 1.8 அளவுக்குச் சுருங்கிவிடும். பரப்பு சுருங்கினால் கெழுவும் சுருங்கும். இதைச் சரிசெய்ய உளவியலாளர் தார்ன்டைக் பெயரால் வழங்கும் ஒரு திருத்தம் இருக்கிறது:

```
R = r*u / SQRT(1 + r^2*(u^2 - 1))
u = மொத்த விண்ணப்பதாரர் திட்ட விலக்கம் / சேர்ந்தவர்கள் திட்ட விலக்கம்
```

இங்கே u என்பது 4.0 / 1.8, அதாவது 2.22. கெழு 0.15-ஐப் போட்டால் 0.32 வருகிறது. “சீட்டுக் குலுக்கல்” என்று தள்ளப்பட்ட ரூப்ரிக், விண்ணப்பக் கும்பல் முழுவதையும் பார்த்தால் உருப்படியான வேலை செய்திருக்கக்கூடும்.

கவனியுங்கள், “செய்திருக்கக்கூடும்”. இந்தத் திருத்தத்தைப் புதிதாகத் தெரிந்துகொண்டவர்கள் அடுத்து செய்யும் தவறு, அதை மந்திரம் போல எல்லா இடத்திலும் ஓதுவது. அது சரியாக வேலை செய்ய, ஆட்களை வடிகட்டியது அந்த ரூப்ரிக் மதிப்பெண்ணாகவே இருக்க வேண்டும். நம் உதாரணத்தில் 64 பேரை 40 ஆக்கியது இன்டர்வியூ. ஆகவே 0.32-ம் தோராயம்தான். ரூப்ரிக்கே இல்லாமல் வேறு வழியில் ஆள் எடுத்துவிட்டு, பிற்பாடு எழுதிய ரூப்ரிக்கை அவர்கள்மேல் சோதித்தால், அவர்களுடைய மதிப்பெண் பரப்பு அவ்வளவாகச் சுருங்கியிருக்காது. அங்கே இதே பெரிய u-வைப் போட்டால் கெழு பொய்யாக ஊதிப்போகும். 2022-இல் உளவியலாளர் பால் சாக்கெட்டும் சக ஆய்வாளர்களும் ஆள்தேர்வு ஆய்வுகளை மறுபடி அலசியபோது, பழைய மதிப்பீடுகள் பல இப்படி அளவுக்கு மீறித் திருத்தப்பட்டவை என்று காட்டினார்கள். கட்டமைக்கப்பட்ட இன்டர்வியூவுக்கு முன்பு சொல்லப்பட்ட 0.51 அவர்கள் கணக்கில் 0.42-க்கு இறங்கியது.

ஒற்றை எண்ணை நம்புவது

40 பேர் என்பது சின்னக் கூட்டம். 0.15-ஐச் சுற்றி எவ்வளவு ஆட்டம் இருக்கிறது என்று பார்க்க இரண்டு வரி போதும்:

```
=FISHERINV(FISHER(0.15)-1.96/SQRT(40-3))
=FISHERINV(FISHER(0.15)+1.96/SQRT(40-3))
```

விடை −0.17 முதல் 0.44 வரை. ரூப்ரிக் நன்றாக இருக்கலாம், ஒன்றுக்கும் உதவாததாக இருக்கலாம், கொஞ்சம் தலைகீழாகக்கூட இருக்கலாம்; மூன்றுமே இந்தத் தரவுக்குப் பொருந்தும். மேலே சொன்ன திருத்தத்தை இந்த இரு முனைகளுக்கும் போட்டால் −0.36 முதல் 0.74 வரை என்று இடைவெளி இன்னும் அகலமாகிறது. திருத்தம் எண்ணை நகர்த்துமே தவிர, இல்லாத தகவலைக் கொண்டுவராது. திருத்திய கெழுவை மட்டும் ஸ்லைடில் போட்டு, இடைவெளியை விட்டுவிடுவது கிட்டத்தட்ட ஏமாற்று வேலை. 0.15 என்ற கெழு பூஜ்யத்திலிருந்து தெளிவாக விலகி நிற்க 170 பேருக்கு மேல் வேண்டும். 12 பேரை எடுத்த ஒரு டீம் இந்தச் சோதனையைச் செய்யாமலிருப்பதே மேல். ரூப்ரிக்கில் உள்ளவை வேலைக்கு உண்மையிலேயே தேவைப்படுகின்றனவா என்று அந்த வேலையைச் செய்பவர்களோடு உட்கார்ந்து பார்ப்பது அவர்களுக்கு அதிகம் பயன்படும்.

மறுபக்கத்து எண்ணைச் சந்தேகிக்காமல் விடுவது

ரூப்ரிக்கைப் பற்றி இவ்வளவு கேள்வி கேட்பவர்கள், அப்ரைசல் மதிப்பெண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்வார்கள். ஒரே ஊழியரை இரண்டு மேலாளர்கள் தனித்தனியாக மதிப்பிட்டால் அவர்களுக்குள் ஒத்துப்போவது சராசரியாக 0.52 அளவுதான் என்பது 1990-களிலிருந்து இத்துறையில் அதிகம் சுட்டப்படும் எண். அதன் வர்க்கமூலம் 0.72; மதிப்பீட்டின் தடுமாற்றத்தால் கெழு இத்தனை மடங்காகச் சுருங்கும். அதாவது உண்மையான தொடர்பு 0.40 ஆக இருந்தாலும், ஒற்றை மேலாளரின் மதிப்பீட்டோடு ஒப்பிட்டால் 0.29 தான் கண்ணில் படும்.

இதைவிட மோசமான இன்னொன்று, கெழுவை மேலே தூக்கிவிடும். ஆள் சேரும்போதே “இவர் 24 வாங்கியவர்” என்று மேலாளரிடம் சொல்லிவிடுவார்கள். அவருக்கு நல்ல ஷிஃப்ட், நல்ல வாடிக்கையாளர்கள், தப்பு செய்தால் “புதுசுதானே” என்ற சலுகை. 18 வாங்கியவர் அதே தப்பைச் செய்தால் “அப்பவே நினைத்தேன்”. கடைசியில் கெழு 0.45 வந்தால் ரூப்ரிக் தன் நிழலைத்தான் அளந்திருக்கிறது. மேலாளருக்கு மதிப்பெண் தெரிந்திருந்ததா என்று முதலில் விசாரியுங்கள். தெரிந்திருந்தால் அந்த அப்ரைசலை ஒதுக்கிவிட்டு, அவர் கைபடாத அளவைத் தேடுங்கள்: மறுபடி திறக்கப்பட்ட டிக்கெட்டுகளின் விகிதம், பெயர் மறைத்துத் தணிக்கை செய்த உரையாடல்களின் தரம். அவற்றையும் ஒரே ஷிஃப்ட், ஒரே வகை டிக்கெட் என்று பிரித்து ஒப்பிட வேண்டும். இரவு ஷிஃப்டில் பணம் திருப்பிக் கேட்பவர்களோடு மல்லுக்கட்டுபவரையும், பகலில் பாஸ்வேர்டு மாற்றித் தருபவரையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது.

போனவர்களை மறப்பது

40 பேருக்கும் மதிப்பீடு இருப்பதாகச் சொல்லிக்கொண்டு வந்தோம். நடைமுறையில் அப்படி இருக்காது. வருட அப்ரைசலுக்கு முன்பே ஏழெட்டுப் பேர் போயிருப்பார்கள், ஷீட்டில் அவர்கள் வரிசையே இருக்காது. அவர்களில் வேலை சரியில்லை என்று அனுப்பப்பட்டவர்கள்தான் ரூப்ரிக்கின் மிகத் தெளிவான தோல்விகள். அதிகச் சம்பளத்துக்குப் போனவர்கள் அநேகமாக நல்லவர்கள். இரண்டையும் “ராஜினாமா” என்ற ஒரே தலைப்பில் போட்டுவிடாமல், போன காரணத்தைப் பிரித்து எழுதுங்கள். எல்லாருக்கும் கிடைக்கும்படி 3 மாத மதிப்பீடு ஒன்றை வைத்தால் இந்த ஓட்டை பெரும்பாலும் அடைபடும்.

முடிவு தெரிந்தவர் கையில் பழைய விண்ணப்பத்தைக் கொடுப்பது

புது ரூப்ரிக் என்றால் பழைய விண்ணப்பங்களுக்கு இப்போது மதிப்பெண் போட வேண்டியிருக்கும். டீம் லீடரிடம் கொடுத்தால் அவர் பெயரைப் பார்த்ததுமே ஆளை நினைத்துக்கொண்டுதான் போடுவார். பெயர், போட்டோ, கல்லூரியை மறைத்து, அந்த ஊழியர்களோடு வேலை பார்க்காத இருவரிடம் தனித்தனியாகக் கொடுங்கள். கூடவே, அதே காலத்தில் நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்களில் ஒரு நூற்றைக் குலுக்கி எடுத்துக் கலந்துவிடுங்கள். யார் சேர்ந்தவர், யார் சேராதவர் என்று போடுபவருக்குத் தெரியாது. சேராதவர்களின் பங்கு உண்மையில் எவ்வளவோ அந்த எடையில் இந்த நூறையும் சேர்ந்தவர்களையும் சேர்த்துக் கணக்கிட்டால், மொத்தக் கும்பலின் திட்ட விலக்கமும் கையில் வந்துவிடும்.

“மைனஸ்” வந்த அம்சத்தை வெட்டி எறிவது

மொத்த மதிப்பெண்ணை விட்டு, ஐந்து அம்சங்களையும் தனித்தனியாக அப்ரைசலோடு ஒப்பிடும்போது ஒரு விசித்திரம் நடக்கும். முன் அனுபவத்துக்குக் கெழு −0.20 என்று வரும். “அனுபவசாலிகள் மோசமாக வேலை செய்கிறார்கள்” என்று உடனே ஒரு தத்துவம் பிறந்துவிடும்.

18-ஐ அப்போதுதான் தொட்ட இருவரைப் பாருங்கள். ஒருவருக்கு அனுபவத்தில் 5. மற்ற நான்கிலும் சேர்த்து 13 வாங்கியே உள்ளே வந்துவிட்டார். இன்னொருவருக்கு அனுபவத்தில் 1. அவர் உள்ளே வர மற்ற நான்கில் 20-க்கு 17 வாங்கியாக வேண்டும். ஆகவே உங்களிடம் வேலை செய்பவர்களுக்குள், அனுபவம் குறைந்தவர் என்றாலே மற்ற எல்லாவற்றிலும் கெட்டிக்காரர் என்று ஆகிவிடுகிறது. அவர் ஜொலிப்பது அந்த 17-ஆல். வெட்டுக்கோடு உண்டாக்கிய இந்த எதிர்த்தொடர்பை அனுபவத்தின் குற்றமாகப் படித்து, அந்த அம்சத்தை நீக்கினால் அடுத்த முறை வேறு மாதிரி ஆட்கள் உள்ளே வருவார்கள். சேர்ந்தவர்களுக்குள் ஐந்து அம்சங்களும் ஒன்றோடொன்று எப்படி ஒட்டுகின்றன என்று ஒரு சின்ன அட்டவணை போடுங்கள். மொத்த விண்ணப்பதாரரிடம் நேராக இருந்த தொடர்பு இங்கே எதிராகத் திரும்பியிருந்தால் இதுதான் நடந்திருக்கிறது.

எடையை மாற்றித்தான் தீருவேன் என்பவர்கள், 2023-இல் சேர்ந்தவர்களை வைத்து எடையை முடிவு செய்து, 2024-இல் சேர்ந்தவர்களிடம் சோதிக்க வேண்டும். அதே 40 பேரிடம் எடையைத் திருகித் திருகி, அதே 40 பேரிடம் கெழு 0.15-இலிருந்து 0.38-க்கு ஏறியது என்று காட்டுவதில் அர்த்தமே இல்லை; போதுமான அளவு திருகினால் எந்த ரூப்ரிக்கும் ஏறும்.

இந்தச் சிக்கல்களில் பாதி, பழைய பதிவை வைத்துக்கொண்டு பின்னோக்கிப் பார்ப்பதால் வருபவை. இனி வரும் விண்ணப்பங்களுக்கு, நிராகரிக்கப்பட்டவர்களையும் சேர்த்து, ஒவ்வொரு அம்சத்தின் மதிப்பெண்ணையும் தேதியோடு சேமித்து வையுங்கள். இன்டர்வியூவுக்கு அழைக்கும்போது 15 முதல் 17 வரை வாங்கியவர்களில் சிலரைக் குலுக்கல் முறையில் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்டர்வியூ எடுப்பவருக்கு யார் எவ்வளவு வாங்கினார் என்று தெரிய வேண்டாம். அந்தச் சிலர் வேலையில் எப்படி இருக்கிறார்கள் என்பதைத் தவிர, 18 என்ற கோடு சரியான இடத்தில் போடப்பட்டதா என்று சொல்ல வேறு தரவு உங்களிடம் இருக்காது.