டி ஃப்ளிப்-ஃப்ளாப்பை டாகிளாக மாற்றியபோது

7474 சிப்பில் டாகிள் ஃப்ளிப்-ஃப்ளாப் செய்ய, T-யையும் Q̅-யையும் ஒரு ஆண்ட் கேட்டில் கொடுத்து, அதன் வெளியீட்டை D-க்கு இணைத்திருந்தேன். T=1 என்றால் எல்இடி ஒவ்வொரு கிளாக்குக்கும் அழகாக மாறி மாறி எரிந்தது. வேலை முடிந்தது என்றே நினைத்தேன். அப்புறம் எல்இடி எரியும்போது T-யை 0 ஆக்கினேன். அப்படியே எரிந்துகொண்டிருக்க வேண்டியது, அடுத்த கிளாக்கில் அணைந்துவிட்டது.

சிப்பைச் சந்தேகித்து மாற்றியும் பார்த்தேன், அதே கதை. சரி என்று எக்ஸைட்டேஷன் அட்டவணையை முழுதாக எழுதினேன். டி ஃப்ளிப்-ஃப்ளாப்புக்கு இது சுலபம்: அடுத்த Q என்னவாக வேண்டுமோ, அதுதான் D.

```
T Q  Q+  D
0 0  0   0
0 1  1   1
1 0  1   1
1 1  0   0
```

நான் தவறவிட்டது இரண்டாவது வரி. T=0, Q=1 என்றால் D=1 வேண்டும்; என் ஆண்ட் கேட் அங்கே 0 கொடுத்தது. மற்ற மூன்று வரிகளிலும் அது சரியாக இருந்ததால்தான் பிழை இவ்வளவு நேரம் ஒளிந்திருந்தது.

1 வரும் இரண்டு வரிகளைச் சேர்த்தால் D = T ⊕ Q. ஆண்ட் கேட்டை எடுத்துவிட்டு 7486-இன் ஒரு எக்ஸார் கேட்டை வைத்தேன். Q̅-க்குப் பதில் Q-வை, அதாவது 7474-இன் 5ஆம் பின்னை, அதற்குக் கொடுத்தேன். இப்போது T=0-வில் எத்தனை கிளாக் கொடுத்தாலும் எல்இடி அசையவில்லை.