நைன் பாக்ஸ்: ஆங்கிலமும் அஞ்சரை பஸ்ஸும் உள்ளாற்றல் ஆகாது

நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில் டிசெம்பர் மாதம் நடந்த ஊழியர் மதிப்பீட்டுக் கூட்டத்தில் நானும் இருந்தேன். வெளியே மழை, அறைகள் பாதிக்கு மேல் வெறுமை. சுவரில் ஒன்பது கட்டம் கீறிய பெரிய தாள், இதைத்தான் நைன் பாக்ஸ் என்பார்கள். கிடையாக இந்த வருட வேலை, அதாவது செயற்றிறன். செங்குத்தாக உள்ளாற்றல், அதாவது இதைவிடப் பெரிய பொறுப்பைத் தாங்குவாரா என்பது. இரண்டுக்கும் குறைவு, நடுத்தரம், உயர்வு என மும்மூன்று படிகள்.

ரிசப்ஷன் தம்பியின் பெயர் எழுதிய துண்டு அரை நிமிடத்தில் வலது மேல் மூலைக்கு ஏறிவிட்டது. “நல்லா இங்கிலிஷ் கதைப்பான், வெள்ளைக்காரருக்கு அவனைப் பிடிக்கும்.” ஹவுஸ்கீப்பிங் மேற்பார்வையாளராக இருக்கும் அக்காவின் துண்டு வலது கீழ் மூலைக்குப் போனது. “வேலை திறம். ஆனா அஞ்சரை பஸ்ஸைப் பிடிக்க வேணும். இதுக்கு மேல எங்க போறது?”

முதல் தவறு இதுதான்: உள்ளாற்றல் என்றால் என்ன என்று யாரும் சொல்லவில்லை. ஆங்கிலம் இன்று கைவசமுள்ள ஒரு திறமை. பஸ் நேரம் வீட்டுச் சூழ்நிலை. இரண்டையும் வைத்து ஒருவர் நாளைக்கு எதைத் தாங்குவார் என்று சொல்ல முடியாது. ‘எந்தப் பதவிக்கு, எவ்வளவு காலத்தில்’ என்ற கேள்வியும் எழவில்லை. டியூட்டி மெனேஜர் பதவிக்கு ஒன்றரை வருடத்தில் யார் தயாராவார் என்று கேட்டால்தான் ஒப்பிட ஏதாவது கிடைக்கும்.

உள்ளாற்றலைப் பார்க்க நான் மூன்று கேள்விகளை எழுதிக் கொடுத்தேன். பழக்கமில்லாத வேலையைக் கொடுத்தபோது எப்படிக் கற்றுக்கொண்டார்? தன் பொறுப்புக்கு வெளியே வந்த சிக்கலை யாரும் சொல்லாமலே கையில் எடுத்தாரா? பிழை விட்டபின் என்ன மாற்றினார்? ஒவ்வொன்றுக்கும் கடந்த பன்னிரண்டு மாதத்தில் நடந்த ஒரு சம்பவம் வேண்டும். சம்பவம் இல்லையென்றால் உள்ளாற்றலில் மேல் படிக்கு உயர்த்தக் கூடாது.

தம்பிக்குச் சம்பவம் தேடினார்கள். விருந்தினரின் பாராட்டுகள்தான் வந்தன. அவை செயற்றிறனுக்கான சான்றுகள். அக்காவைப் பற்றி லோன்றிப் பொறுப்பாளர்தான் வாய் திறந்தார். ஓகஸ்ட்டில், ஹோட்டல் நிறைந்திருந்த ஒரு காலை, நான்கு பேர் வேலைக்கு வரவில்லை. அன்று அறைகளை வெளியேறும் நேரப்படி வரிசைப்படுத்தி, ரெஸ்டோரன்டிலிருந்து இரண்டு பேரைக் கேட்டு வாங்கி ரோஸ்டரை மாற்றியது அக்கா. துவாய், படுக்கை விரிப்புக் கணக்கைக் கொப்பியிலிருந்து எக்செலுக்கு மாற்றியதும் அவர்தான். மகனிடம் கேட்டுப் பழகியிருக்கிறார். துண்டு மேலே ஏறியது. தம்பி செயற்றிறனில் உயர்விலேயே நின்றார், உள்ளாற்றலில் நடுத்தரத்துக்கு வந்தார். அதில் அவமானம் ஒன்றும் இல்லை, அடுத்த முறை சான்று வந்தால் மாறும்.

அந்த ஓகஸ்ட் காலை டிசெம்பரில் மறந்தே போயிருந்தது கவனிக்க வேண்டியது. எங்கள் கரைக்கு சீசன் ஏறக்குறைய மே முதல் செப்டெம்பர் வரை. மழைக்காலத்தில் கூட்டம் வைத்தால் கண்ணில் நிற்பது கடைசி இரண்டு மாதச் சோம்பல்தான். மாதம் ஒரு முறை ஆளுக்கு இரண்டு வரி குறித்து வைத்தாலே இது தீரும். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகாதவர்களை எந்தக் கட்டத்திலும் போடாமல் விடுவதே நல்லது.

அடுத்தது, கூட்டத்தில் யார் முதலில் பேசுவது. பெரியவர் “அவன் கெட்டிக்காரன்” என்று தொடங்கிவிட்டால் மற்றவர்கள் தலையாட்டுவார்கள். ஆகவே ஒவ்வொரு பிரிவுத் தலைவரும் முன்கூட்டியே தனித்தனியே எழுதிக் கொடுக்க வேண்டும். பொது முகாமையாளர் கடைசியில் பேச வேண்டும். செஃப் கையிறுக்கம், ரிசப்ஷன் தலைவர் தாராளம் என்பதும் அப்போதுதான் தெரியும். முடிந்ததும் மேல் வரிசையில் இருப்பவர்களை ஒரு தடவை பாருங்கள்: எத்தனை பெண்கள், எந்தெந்தப் பிரிவு, தமிழ், சிங்களம், முஸ்லிம் ஊழியர்கள் எப்படி? நாற்பது பேருள்ள இடத்தில் சதவீதம் போடுவது வீண். ஆனால் எல்லாரும் ஒரே அச்சு என்றால், சான்றுகளைத் திரும்ப வாசிக்க வேண்டும்.

கட்டத்தையே ஆளின் பெயராக்குவது இன்னொரு தவறு. இந்த ஒன்பது கட்டத்துக்கு மூலமான அட்டவணையை 1970களில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனமும் மெக்கின்சி என்ற ஆலோசனை நிறுவனமும் தொழில் பிரிவுகளை எடை போடச் செய்தார்கள். தொழில் பிரிவுக்கு மனம் நோகாது, ஆளுக்கு நோகும். கட்டத்தின் பெயரைச் சொல்லாமல், எந்தச் சம்பவத்தைப் பார்த்தோம், அடுத்து என்ன தரப் போகிறோம் என்று சொன்னால் போதும். ‘உயர்ந்த செயற்றிறன், குறைந்த உள்ளாற்றல்’ கட்டத்தில் இருக்கும் கறிச் சமையல்காரர் அங்கேயே இருக்க விரும்பினால் அவருக்குச் சம்பளத்தையும் மதிப்பையும் கொடுத்து விட்டுவிடுங்கள்.

அக்காவிடம் முதலில் விருப்பத்தைக் கேட்டோம். “ராத்திரி டியூட்டி ஏலாது, பகல் எண்டா பார்ப்பன்” என்றார். ஆறு மாதத் திட்டம் அதிலிருந்தே வந்தது: கிழமைக்கு இரண்டு பகல் டியூட்டி மெனேஜரோடு நிற்பது, விருந்தினர் முறைப்பாடுகளை ஆங்கிலத்தில் தானே பதிவது, மாதக் கடைசியில் அரை மணி நேரம் உட்கார்ந்து கதைப்பது. அந்த இரண்டு பகலுக்கும் ஹவுஸ்கீப்பிங்கைப் பார்க்க ஆள் போடாவிட்டால் திட்டம் தாளோடு நின்றுவிடும் என்பதால், ஜனவரி ரோஸ்டரில் முதலில் எழுதப்பட்டது அந்த மாற்று ஆளின் பெயர்தான்.