போன் பேச்சைப் பதிவு செய்வது எப்படி, எதுவரை?

வீட்டைக் காலி செய்துவிட்டீர்கள். 50,000 ரூபாய் அட்வான்ஸை வீட்டுக்காரர் திருப்பித் தரவேண்டும். "அடுத்த மாசம் தர்றேன்" என்று போனில் மட்டும்தான் சொல்கிறார். அந்தப் பேச்சைப் பதிவு செய்து வைக்க நினைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில், பிளே ஸ்டோரில் ஆப் தேடாதீர்கள். ஆண்ட்ராய்டு 10 முதல் வெளி ஆப்களுக்கு அழைப்பின் ஒலி நேரடியாகக் கிடைப்பதில்லை. மாற்று வழியாக இருந்த, மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல்தன்மை வசதியையும் 2022 மே மாதம் கூகுள் இதற்குத் தடை செய்துவிட்டது. அதனால் பெரும்பாலும் உங்கள் குரல் மட்டும் தெளிவாக விழும், எதிர்முனை மௌனமாக இருக்கும்.

போனோடு வரும் டயலரைத்தான் பயன்படுத்த வேண்டும். சாம்சங்கில் போன் ஆப்பைத் திறந்து, மூன்று புள்ளி, Settings, Record calls என்று போங்கள். கூகுளின் போன் ஆப் என்றால் பதிவு தொடங்கும்போதே ஓர் அறிவிப்பு இருவர் காதிலும் ஒலிக்கும். ஐபோனில் iOS 18.1 முதல் இந்த வசதி உண்டு. அங்கேயும் அறிவிப்பு வரும், பதிவு Notes ஆப்பில் போய் உட்காரும்.

அப்புறம், வீட்டுக்காரரை அழைப்பதற்கு முன் நண்பர் ஒருவரோடு ஒரு நிமிடம் பேசிப் பாருங்கள். இரண்டு குரலும் கேட்கிறதா, கோப்பு எந்த இடத்தில் சேமிக்கப்படுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். வாட்ஸாப் அழைப்பு இதில் பதிவாகாது. பலர் ஏமாறுவது இங்கேதான்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? நீங்களே பேசும் அழைப்பைப் பதிவு செய்வதும், பிறர் இருவர் பேசுவதை ஒட்டுக்கேட்பதும் ஒன்றல்ல. ஒட்டுக்கேட்பது அந்தரங்க உரிமையில் கை வைப்பது என்று உச்ச நீதிமன்றம் 1996-லேயே சொல்லிவிட்டது. நீங்களே பேசிய பதிவைப் பொறுத்தவரை, தெரியாமல் எடுத்தது என்பதற்காகவே நீதிமன்றம் அதைத் தள்ளிவிடுவதில்லை. கணவன் மனைவி வழக்கு ஒன்றில் ரகசியப் பதிவை உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் ஏற்றுக்கொண்டது. ஆனால் அது குடும்ப வழக்கு. எல்லா வழக்குக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எதிர்முனையில் இருப்பவர் கலிபோர்னியாவில் இருந்தால் கதையே வேறு, அங்கே அந்தரங்கப் பேச்சுக்கு எல்லோருடைய சம்மதமும் வேண்டும். என்னைக் கேட்டால், "பதிவு பண்றேன்" என்று சொல்லிவிடுவதே நல்லது. சொன்னதும் வாக்குறுதி இன்னும் தெளிவாக வருவதும் உண்டு!

கோப்பு கிடைத்த பிறகுதான் தவறுகள் நடக்கின்றன. தேவையான பகுதியை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டு மூலத்தை அழித்துவிடுகிறார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவோடு ஒரு சான்றிதழ் கேட்கிறது. அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பை, அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாளக் குறியீட்டைக் குறிப்பிட வேண்டும். ஒரு நொடியை வெட்டினாலும் அந்த மதிப்பு மாறிவிடும். ஆகவே மூலக் கோப்பை அப்படியே விட்டுவிட்டு ஒரு நகலைப் பென் டிரைவில் வையுங்கள். முடிந்தால் அந்தப் போனையும் விற்காதீர்கள்.

குடியிருப்பு வாட்ஸாப் குழுவில் மட்டும் போட்டுவிடாதீர்கள். கேட்கப் போன பணத்தை விட்டுவிட்டு அவதூறு வழக்குக்குப் பதில் சொல்ல வேண்டி வரலாம்.