சாகும்வரை பென்ஷனா, போட்ட பணம் திரும்ப வரும் பென்ஷனா? பெரியம்மாவுக்காகப் போட்ட கணக்கு

பணிஓய்வில் வந்த 10 லட்சத்தைப் பெரியம்மா பென்ஷன் திட்டத்தில் போடப் போனார். வயது 60, பெரியப்பா இல்லை, இரண்டு பிள்ளைகளும் சம்பாதிக்கிறார்கள். எல்ஐசியின் ஜீவன் அக்‌ஷய் 7 மாதிரி, மொத்தமாகப் பணம் போட்டதும் பென்ஷன் தொடங்கும் உடனடி ஆன்யுட்டியில் பல வகை உண்டு. A வகை என்றால் உயிரோடு இருக்கும்வரை பென்ஷன், அதோடு முடிந்தது. F என்றால் பென்ஷன் குறைவு, ஆனால் இறந்தபின் போட்ட தொகை நாமினிக்குத் திரும்பும். எது என்று முடிவு செய்ய நான் செய்ததை அப்படியே எழுதுகிறேன்.

1. A, F இரண்டிலும் எவ்வளவு பென்ஷன் வரும் என்ற மதிப்பீட்டை ஒரே முறையில் வாங்குங்கள். ஒன்று மாதத் தவணை, மற்றது வருடத் தவணை என்று இருந்தால் ஒப்பிட முடியாது. வருடத் தவணையிலேயே கேளுங்கள். எளிதாக இருக்க முழு எண்ணாக்கிச் சொல்கிறேன்: A-வில் வருடம் ரூ.86,000, F-இல் ரூ.67,000. உங்கள் வயதுக்கும் வாங்கும் நாளுக்கும் தக்கபடி இது மாறும்.

2. வித்தியாசத்தை மட்டும் பாருங்கள். அது ரூ.19,000. F எடுத்தால், பெரியம்மா வருடாவருடம் இந்த 19,000-ஐ விட்டுக்கொடுத்து, தன் காலத்துக்குப் பின் பிள்ளைகளுக்கு 10 லட்சம் வாங்கி வைக்கிறார். உண்மையில் அது ஓர் ஆயுள் காப்பீட்டு பிரீமியம். ரசீதில் அந்தப் பெயர் இருக்காது, அவ்வளவுதான்.

3. எத்தனை வருடத்தில் சமமாகும்? நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். 10 லட்சத்தை 19,000-ஆல் வகுத்தேன், 52 வருடம் வந்தது. 112 வயது வரை யார் இருப்பார், F தான் சரி என்று அன்றிரவே போன் செய்து சொல்லிவிட்டேன். மறுநாள் காலையில்தான் உறைத்தது: அந்த 19,000-ஐ வருடாவருடம் பேங்கில் போட்டால் வட்டி வளருமே! அதை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டிருக்கிறேன்.

சரியான கணக்குக்கு கூகுள் ஷீட்ஸ் போதும். இணையதளங்களில் உள்ள பென்ஷன் கால்குலேட்டர்களை நான் நம்புவதில்லை. எந்த வட்டியை வைத்துக் கணக்கிடுகிறது என்று பெரும்பாலும் காட்டாது. ஒரு கட்டத்தில் இதைத் தட்டுங்கள்:

```
=NPER(6%,-19000,0,1000000)
```

6% என்பது வரி போக உங்கள் சேமிப்புக்குக் கிடைக்கும் வட்டி. விடை 24.46 வருடம். அதாவது பெரியம்மா 84 வயதைத் தாண்டி இருந்தால், A எடுத்து மிச்சத்தைச் சேர்த்த வழியில் பிள்ளைகளுக்கு அதிகம் மிஞ்சும். அதற்கு முன்பே காலமானால் F-இல் அதிகம் மிஞ்சும். 70 வயதில் என்று வையுங்கள். A-வில் அதுவரை வந்தது 8.6 லட்சம், அதோடு சரி. F-இல் 6.7 லட்சம் வந்திருக்கும், மேலே 10 லட்சம் பிள்ளைகளுக்கு.

4. அந்த 19,000 சேருமா, செலவாகுமா? மேலே உள்ள கணக்கு சேமிப்பவருக்கு மட்டுமே பொருந்தும். மருந்துக்கும் மளிகைக்கும் போகிற பணம் என்றால் 84 வயதுக் கணக்கே தேவையில்லை. பிள்ளைகளுக்குச் சேர வேண்டியதைவிட அவர் சாப்பிட வேண்டியது முக்கியம், A எடுக்கலாம். இன்னொன்று: 25 வருடம் கழித்து வரும் 10 லட்சத்துக்கு, விலைவாசி ஆண்டுக்கு 6% ஏறினால், இன்றைய மதிப்பு சுமார் 2.3 லட்சம்தான். "போட்ட பணம் அப்படியே திரும்பும்" என்று ஏஜென்ட் சொல்லும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

F-க்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு. ஜீவன் அக்‌ஷய் 7-இல் அவசரத்துக்கு சரண்டர் செய்யவோ கடன் வாங்கவோ F, இருவர் சேர்ந்து எடுக்கும் J இரண்டில்தான் வழி. A-வில் போட்ட பணத்தை எதற்கும் எடுக்க முடியாது. கையில் வேறு சேமிப்பு இல்லாதவர்கள் முழுத்தொகையையும் A-வில் போடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கடைசியில் பெரியம்மா பிரித்துப் போட்டார்: 6 லட்சம் A, 4 லட்சம் F. என் எண்களின்படி வருடம் 51,600 + 26,800 = ரூ.78,400, பிள்ளைகளுக்கு 4 லட்சம். தொகையைப் பிரித்தால் விகிதம் சற்று மாறலாம், அதனால் இரண்டுக்கும் தனித்தனி மதிப்பீடு கேளுங்கள்.

பிற்சேர்க்கை: கணவன், மனைவி இருவரும் இருக்கும் வீடுகளிலிருந்து பலர் கேட்டார்கள். F ஒருவர் உயிரை மட்டுமே சார்ந்தது. கணவர் பெயரில் எடுத்து அவர் போனால், மனைவி நாமினியாக இருந்தாலும் அவருக்கு மொத்தத் தொகை வரும், பென்ஷன் நின்றுவிடும். அந்தப் பணத்தை அந்த வயதில் அவர் மறுபடி எங்காவது போட வேண்டும். பென்ஷன் தொடர வேண்டுமென்றால் J: இருவர் காலம் வரை முழுப் பென்ஷன், இருவருக்கும் பின் நாமினிக்குப் போட்ட தொகை. அங்கே நாமினியாகப் பிள்ளையின் பெயர் இருக்கிறதா என்று பாண்டில் பாருங்கள்.